எந்தப் பக்கம், எத்தனையாவது கல்?

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலையில், பந்தல்குடியைத் தாண்டி எட்டயபுரம் வருவதற்குள் ஒரு நீண்ட வெற்றிடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக் கருவேலம், நடுவில் அரளிச் செடி வைத்த மீடியன். பகலில் தூரத்தில் ஏதாவது ஒரு ஊரின் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ தெரியலாம். ராத்திரி பத்தரை மணிக்கு எதிர்வண்டிகளின் ஹெட்லைட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அங்கே ஒரு காரின் ரேடியேட்டர் ஹோஸ் பிய்ந்து, சூடு முள் சிவப்பைத் தொட்டு, வண்டி ஓரங்கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போகிறவர்கள். இன்சூரன்ஸோடு வாங்கிய ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எண்ணுக்கு ஓட்டியவர் போன் செய்கிறார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"எங்க சார் நிக்கிறீங்க?"

"தூத்துக்குடி ரோட்டுலங்க. அருப்புக்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரம்."

"பக்கத்துல என்ன சார் இருக்கு? ஓட்டல், பெட்ரோல் பங்க் எதாவது?"

"ஒண்ணுமே இல்லைங்க. கருவேலமரம்தான் நிக்குது."

"லெஃப்ட் சைடா, ரைட் சைடா சார்?"

"லெஃப்ட் சைடுதாங்க."

இந்தப் பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு ரெக்கவரி வண்டி கிளம்பினால், முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் தேட வேண்டியிருக்கும். 'அருப்புக்கோட்டை தாண்டி' என்பது மதுரையிலிருந்து வருகிறவருக்கு ஓர் இடம், தூத்துக்குடியிலிருந்து வருகிறவருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னோர் இடம். 'லெஃப்ட் சைடு' என்பதில் தகவலே இல்லை. இந்தியச் சாலையில் யார் எந்தத் திசையில் போனாலும் அவரவருக்கு அவரவர் இடப்பக்கம்தான்.

பிரச்சினை இரண்டு பாதியாக இருக்கிறது. ஒன்று, சாலையின் நீளத்தில் எந்தப் புள்ளி. மற்றொன்று, மீடியனுக்கு எந்தப் பக்கம். முதல் பாதியைக் கையில் இருக்கும் போன் ஓரளவு சொல்லிவிடும். இரண்டாம் பாதியைப் போன் சொல்லாது. ஆட்கள் பெரும்பாலும் முதல் பாதிக்காக மெனக்கெட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

போன் ஏன் பக்கத்தைச் சொல்லாது? திறந்த வெளியில் நல்ல போன்கூட நாம் நிற்கும் இடத்தை ஐந்து முதல் பத்து மீட்டர் பிசகுக்குள்தான் காட்டும். போகும் தடத்தையும் வரும் தடத்தையும் பிரிக்கும் மீடியன் பல இடங்களில் அந்தப் பிசகு அளவுகூட அகலம் இருக்காது. ஆக, நீலப் புள்ளி எதிர்த் தடத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்க முழு வாய்ப்பு உண்டு. ரெக்கவரி டிரைவர் அந்தப் புள்ளியை வைத்து நேவிகேஷன் போட்டால், புள்ளி விழுந்த தடத்துக்குத்தான் அது அவரைக் கூட்டிப்போகும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் இன்னும் மோசம்: மெயின் ரோடா, அதை ஒட்டிய சர்வீஸ் ரோடா என்று வரைபடத்தால் பிரிக்க முடியாது. மேம்பாலம் என்றால் பாலத்தின் மேலே நிற்பவரும் கீழே நிற்பவரும் வரைபடத்தில் ஒரே புள்ளி.

தப்பான பக்கம் வந்தால் என்ன, எதிரே பார்த்துக் கை காட்டினால் ஆயிற்றே என்று தோன்றலாம். மீடியனைத் தாண்டி வண்டி வர முடியாது. அடுத்த திறப்பு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே போய் யூ டர்ன் அடித்து, நம்மைத் தாண்டாமல் பார்த்து நிற்க வேண்டும். அரளி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தால், எதிர்த் தடத்திலிருந்து நம் ஹசார்ட் விளக்கு தெரியவே தெரியாது. டிரைவர் நம்மைக் கடந்து போய், எட்டயபுரத்திலோ அருப்புக்கோட்டையிலோ நின்றுகொண்டு "இங்க யாரையும் காணோமே சார்" என்று போன் செய்வார். நுழைவும் வெளியேற்றமும் கட்டுப்படுத்தப்பட்ட எக்ஸ்பிரஸ்வேக்களில் திறப்பே கிடையாது. அடுத்த இன்டர்சேஞ்ச் வரை போக வேண்டும்.

அதனால் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். பக்கத்தைச் சொல்ல ஒரே நம்பகமான வழி, இரண்டு ஊர்ப் பெயர்: எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் தடம். "மதுரையிலேர்ந்து தூத்துக்குடி போற பக்கம்." அவ்வளவுதான். இதில் மூன்று இடங்களில் சறுக்கல் வரும்.

முதலாவது, தன் பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்வது. "பெங்களூர்லேர்ந்து திருச்செந்தூர் போறோம்" என்பது உண்மைதான், ஆனால் பெங்களூரையும் திருச்செந்தூரையும் ஏதேதோ சாலைகள் இணைக்கின்றன. கால் சென்டரில் உட்கார்ந்திருப்பவர் வேறு மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம். அவருக்கு அது ஒன்றும் சொல்லாது. நிற்கும் சாலையில் முன்னாலும் பின்னாலும் உள்ள ஊர்களைத்தான் சொல்ல வேண்டும். பெரிய ஊர் இரண்டைச் சொல்லி, அதற்குள் சின்ன ஊர் இரண்டைச் சொன்னால் இன்னும் நல்லது: "பந்தல்குடி தாண்டியாச்சு, எட்டயபுரம் இன்னும் வரல."

இரண்டாவது, வடக்கு தெற்கு. சாலை மொத்தமாகப் பார்த்தால் தெற்கே போகிறது; நாம் நிற்கும் வளைவில் அது மேற்கைப் பார்த்தபடி இருக்கலாம். போனின் திசைகாட்டியைப் பார்த்து "வெஸ்ட் சைடு போறோம்" என்று சொன்னால், கேட்பவர் குழம்பிவிடுவார். திசைகாட்டியை மறந்துவிடுவது நல்லது.

மூன்றாவது அந்த இடது வலது. இதில் வேடிக்கை என்னவென்றால், நெடுஞ்சாலை ரோந்து வண்டிக்காரர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் இடது வலது என்றுதான் பேசிக்கொள்வார்கள். எல்.ஹெச்.எஸ்., ஆர்.ஹெச்.எஸ். என்பார்கள். ஆனால் அவர்கள் இடது என்று சொல்வது நம் இடது அல்ல. ஒவ்வொரு நெடுஞ்சாலைக்கும் ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. அங்கிருந்து கிலோமீட்டர் எண் ஏறிக்கொண்டே வரும். அப்படி எண் ஏறும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப்பக்கம் வருவது எல்.ஹெச்.எஸ். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும்போது எண் ஏறுவதால் அந்தத் தடம் எல்.ஹெச்.எஸ். அதே குடும்பம் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, தன் இடப்பக்கம் ஓரங்கட்டி நின்றாலும், ரோந்துக்காரர் கணக்கில் அது ஆர்.ஹெச்.எஸ். அப்போது "லெஃப்ட் சைடு" என்று சொன்னால் அவர் எதிர்ப்பக்கம் குறித்துக்கொள்ளக் கூடும். ஊர்ப் பெயரில் இந்த வம்பு இல்லை.

இங்கிலாந்தில் இந்தத் தொல்லையைப் பலகையிலேயே தீர்த்திருக்கிறார்கள். அங்கே மோட்டார்வே ஓரத்தில் 500 மீட்டருக்கு ஒன்றாகச் சின்ன நீலப் பலகைகள் இருக்கும். முதல் வரியில் சாலை எண், இரண்டாவது வரியில் ஓர் எழுத்து, மூன்றாவது வரியில் கிலோமீட்டர். அந்த நடு எழுத்துதான் பக்கம்: ஏ என்றால் ஒரு தடம், பி என்றால் எதிர்த் தடம். லண்டனைச் சுற்றி ஓடும் எம் 25-இல் கடிகாரம் சுற்றும் திசை ஏ. மூன்று வரியையும் அப்படியே வாசித்தால் போதும். திசை தெரியாதவரும் திசையைச் சொல்லிவிடுவார். நம் ஊரில் அப்படி ஓர் எழுத்து இல்லாததால் நாமே வாயால் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தத் திசையில் வந்தோம் என்பதே குழம்பிப்போவதும் உண்டு. டீ குடிக்க இறங்கிய கடைக்காக யூ டர்ன் அடித்திருப்பார்கள். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் போன் செய்வார். அப்போது கல்லைப் பார்க்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல் மஞ்சள் தலையோடு இருக்கும். மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை. இருட்டில் எந்தச் சாலையில் நிற்கிறோம் என்பதற்கே இது முதல் அடையாளம். 1033 என்ற 24 மணி நேர உதவி எண் தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும் உரியது என்பதால், இந்த வித்தியாசம் யாரைக் கூப்பிடுவது என்பதையும் தீர்மானிக்கும். கல்லின் முகத்தில் முன்னால் வரும் ஓர் ஊரின் பெயரும் அதற்கு இருக்கும் தூரமும் எழுதியிருக்கும். இதைத் தவிர சாலையின் சொந்தக் கிலோமீட்டர் எண் ஒன்று உண்டு. அது கல்லின் வேறொரு முகத்திலோ, புதிய சாலைகளில் மீடியனில் நட்ட சின்னப் பலகையிலோ சாலை எண்ணோடு சேர்ந்து இருக்கும். சாலையின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் எத்தனையாவது கிலோமீட்டர் என்பது அது. 'செயினேஜ்' என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டு எண்ணும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தூத்துக்குடியை நோக்கிப் போகும்போது 'தூத்துக்குடி 63', 'தூத்துக்குடி 62' என்று ஊர்த் தூரம் குறையும். சாலையின் சொந்த எண் ஏறும். ஆகவே வெறும் "62-ஆவது கிலோமீட்டர்ல நிக்கிறோம்" என்று சொல்வது ஆபத்து. கேட்பவர் அதைச் சாலையின் சொந்த எண்ணாக எடுத்துக்கொண்டால் வேறு மாவட்டத்தில் போய்த் தேடுவார். கல்லில் இருப்பதைப் பெயரோடு அப்படியே வாசிக்க வேண்டும்: "தூத்துக்குடி 62-ன்னு போட்ட கல்." முடிந்தால் படம் பிடித்து அனுப்பலாம், எல்லா முகத்தையும்.

கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அவற்றில் 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதியிருக்கும். சாலையின் சொந்த எண் ஏறும் திசையில் இவையும் ஏறும். இதில் ஒரு சௌகரியம் உண்டு: அடுத்தடுத்த இரண்டு சின்னக் கற்களைப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும். இந்தச் சாலையில் 2-க்கு அப்புறம் 4 வந்தால் வண்டியின் மூக்கு தூத்துக்குடியைப் பார்த்து நிற்கிறது. 4-க்கு அப்புறம் 2 என்றால் மதுரையை. எல்லாச் சின்னக் கல்லும் ஊன்றிய இடத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது. புதருக்குள் புதைந்திருக்கும், பெயிண்ட் போயிருக்கும், லாரி மோதிச் சாய்ந்திருக்கும்.

கல் இல்லாத இடத்தில் கைகொடுப்பது சின்னப் பாலங்கள். தண்ணீர் குறுக்கே போக வைத்திருக்கும் கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவரில் 212/3 என்பது போல ஓர் எண் பெயிண்டால் எழுதியிருக்கும். 212 என்பது சாலையின் கிலோமீட்டர், 3 என்பது அந்தக் கிலோமீட்டரில் உள்ள மூன்றாவது பாலம். தனியார் ரெக்கவரி டிரைவருக்கு இது புரியாமல் போகலாம். சுங்கச்சாவடியிலிருந்து வரும் ரோந்து வண்டிக்காரருக்கு இதைவிடத் துல்லியமான முகவரி கிடையாது, ஏனென்றால் அவர்கள் பராமரிப்புப் பதிவேடுகள் எல்லாம் இந்த எண்ணில்தான் இருக்கின்றன. மின்கம்பத்து எண்ணைச் சொல்கிறவர்களும் உண்டு; அது மின்வாரியத்துக்கு உதவும், கிரேன்காரருக்கு உதவாது.

கல்லைத் தேடிப் போவதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் காருக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 28 மீட்டர். முதலில் ஹசார்ட் விளக்கு, பிறகு எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி இரும்புத் தடுப்புக்கு வெளியே போவது, பிறகு வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி முக்கோணப் பலகை. அதற்கு அப்புறம்தான் கல். நடப்பதும் தடுப்புக்கு வெளியே, ஒரே ஆள், டார்ச்சை வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு. தடுப்புக்கு வெளியே நடக்க இடம் இல்லை என்றால், பள்ளம் இருக்கிறது என்றால், கல் வேண்டாம். கல் கிடைக்காவிட்டால் வேறு வழி இருக்கிறது.

அந்த வேறு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒவ்வொரு சாவடியிலும் பணம் கழிந்ததும் சாவடியின் பெயரோடும் நேரத்தோடும் ஒரு செய்தி வருகிறது. பாக்கி எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு நாம் அதை மறந்துவிடுகிறோம். நம் குடும்பம் எலியார்பத்தி சாவடியை 9.50-க்குக் கடந்திருக்கிறது, வண்டி நின்றது 10.35. இடையில் எங்கும் நிற்கவில்லை. 45 நிமிடம், சராசரி வேகம் 80 என்றால் 60 கிலோமீட்டர். இது துல்லியம் அல்ல; ஐந்தாறு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஆனால் இதுவே ஒரு நீண்ட சாலையைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் துண்டாகச் சுருக்கிவிடுகிறது. கூடவே திசையையும் சொல்கிறது: எலியார்பத்தி கடந்தாயிற்று, புதூர் பாண்டியாபுரம் சாவடியின் செய்தி இன்னும் வரவில்லை, ஆக மதுரையிலிருந்து தூத்துக்குடிதான். எஸ்.எம்.எஸ். சில சமயம் தாமதமாக வரும் என்பதால், செய்தி வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்காமல் அதற்குள் எழுதியிருக்கும் கடந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். வழியில் டீ குடித்த நேரத்தைக் கழிக்கவும் மறக்கக் கூடாது.

இனி போன். இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது எல்லோருக்கும் பழக்கம். அதில் ஒரு பொறி இருக்கிறது. இடத்தை அனுப்பும் திரையில் `Send your current location` என்ற வரிக்குக் கீழே பக்கத்துக் கடைகள், கோயில்கள், பள்ளிகள் பெயர்கள் வரிசையாக வரும். பதற்றத்தில் அதில் ஒன்றைத் தொட்டுவிட்டால், நாம் நிற்கும் இடம் போகாது, அந்தக் கோயிலின் இடம்தான் போகும். காட்டு வழியில் 'பக்கத்து' இடம் என்பது நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிய கிராமமாக இருக்கலாம். ரெக்கவரி டிரைவர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் போய்க் கோயில் வாசலில் நிற்பார். அந்த வரியின் அடியிலேயே எத்தனை மீட்டர் பிசகு என்று ஓர் எண் இருக்கும். வண்டியை விட்டு இறங்கி வானம் தெரியும்படி அரை நிமிடம் நின்றால் எண் குறையும். குறைந்த பிறகு அனுப்பலாம்.

உதவி நிறுவனங்கள் சில எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு லிங்க் அனுப்பும். தொட்டால் இடம் அவர்களுக்குப் போய்விடும். அப்போது போன் அனுமதி கேட்கும் பெட்டியில் `Precise`, `Approximate` என்று இரண்டு இருக்கும். இரண்டாவதைத் தொட்டால் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். வரைபடத்தில் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய நீல வட்டம் தெரிந்தால், இன்னும் இடம் சரியாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம். புள்ளி நீலமாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது பழைய இடம். அரை மணி நேரத்துக்கு முன் டீ குடித்த கடையாக இருக்கலாம்.

டேட்டா சுத்தமாக இல்லாத இடத்தில்? ஜி.பி.எஸ்.ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. வானம் தெரிந்தால் போதும். வரைபடத்தின் படம்தான் வராது, இடம் வரும். கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளி இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ஒரு சிவப்பு ஊசி விழும், அதோடு இரண்டு எண்களும் வரும். நம் குடும்பம் நிற்கும் இடத்தில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
9.2841, 78.0467
```

இதை எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்பிவிடலாம். ஒற்றைக் கோடு சிக்னல் இருந்தாலும் எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போய்விடும். வாயால் வாசிக்க வேண்டி வந்தால், புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் போதும். நாலாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 11 மீட்டர்தான் வித்தியாசம். அதற்கு மேல் போனுக்கே துல்லியம் இல்லை. திரையில் ஏழெட்டு இலக்கம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒப்பித்தால் தப்பாகக் கேட்கும் வாய்ப்புதான் கூடும். 'இருபத்தெட்டு நாற்பத்தொன்று' என்று சேர்த்துச் சொல்லாமல் 'இரண்டு, எட்டு, நாலு, ஒன்று' என்று தனித்தனியாகச் சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும்.

தப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ்நாட்டுக்குள் முதல் எண் எட்டிலிருந்து பதின்மூன்றுக்குள்தான் இருக்கும், இரண்டாவது எண் எழுபத்தாறிலிருந்து எண்பதுக்குள். கேட்பவர் இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொண்டால், நம் வண்டி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் நிற்கிறது என்று அவர் வரைபடம் காட்டும். இது சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளக் கூடிய தப்பு. இன்னொரு தப்பு இவ்வளவு பளிச்சென்று தெரியாது. 9.30 என்பதை 9 டிகிரி 30 நிமிடம் என்று ஒருவர் பதிந்துகொண்டால், பாகையில் அறுபது நிமிடம் என்பதால் அது 9.5 ஆகிவிடும். வித்தியாசம் 22 கிலோமீட்டர். நம் உதாரணத்தில் அந்தப் புள்ளி அருப்புக்கோட்டை அருகே போய் விழும்; ஊர் பொருத்தமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. 'டிகிரி' என்ற சொல்லையே எடுக்காமல் 'ஒன்பது பாயின்ட்' என்று சொன்னால் இந்தக் குழப்பம் நேராது.

சாலையின் எண்ணையும் நம்பிக்கையாகச் சொல்ல முடியாத நிலை இருக்கிறது. 2010-இல் நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். இந்தச் சாலை 45பி-யாக இருந்தது, 38 ஆனது. மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய 7-ஆம் எண் சாலை 44 ஆனது. சேலம் கோவைச் சாலை 47-லிருந்து 544. வயதான டிரைவர்கள் இன்றும் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள். டெல்லியில் உட்கார்ந்திருப்பவர் திரையில் புது எண் இருக்கும். இரண்டும் தெரிந்தால் இரண்டையும் சொல்லலாம். தெரியாவிட்டால் ஊர் போதும்.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் அதே இடத்திலிருந்து பேசினால் பேச்சு எப்படி இருக்கும்? கால் சென்டருக்கு ஒரு முறை சொல்லியாயிற்று. அவர்கள் அருகில் இருக்கும் ஒரு ரெக்கவரிக்காரருக்கு வேலையைத் தள்ளிவிடுவார்கள். ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போகும்போது முதலில் உதிர்வது திசைதான். அதனால் வண்டி ஓட்டி வருகிறவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரிடம் நேரடியாக மறுபடி சொல்ல வேண்டும்.

"அண்ணே, வணக்கம். பிரேக்டவுன்னு சொன்னது நாங்கதான். நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

"கோவில்பட்டிலேர்ந்து சார். எட்டயபுரம் வந்து ஏறுவேன்."

"அப்பக் கொஞ்சம் கேட்டுக்குங்க. நாங்க நிக்கிறது மதுரையிலேர்ந்து தூத்துக்குடி போற பக்கம். நீங்க எட்டயபுரத்துல ஏறினா மதுரை போற பக்கம் வருவீங்க, நாங்க உங்களுக்கு எதிர்ப்பக்கம். எங்களத் தாண்டிப் போய்த்தான் திரும்பி வரணும்."

"சரி சார். எந்த இடம்?"

"பந்தல்குடிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவுல. தூத்துக்குடி 62-ன்னு ஒரு கல்லு. அதத் தாண்டி, சின்னக் கல்லு 2-க்கும் 4-க்கும் நடுவுல. மெயின் ரோட்டுலதான். பாலம் இல்ல, சர்வீஸ் ரோடும் இல்ல. வெள்ளை கார், ஹசார்ட் எரியுது, டிக்கி தூக்கி வச்சிருக்கேன்."

"அப்ப பந்தல்குடிப் பக்கம் போய் யூ டர்ன் அடிச்சு வர்றேன். லொகேஷனும் போட்டு விடுங்க."

முதல் கேள்வியைக் கவனியுங்கள்: நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள். அவர் எந்தத் திசையிலிருந்து வருகிறார் என்று தெரிந்தால்தான் அவர் நம்மைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டுமா, நேரே வந்து நிற்கலாமா என்பது இருவருக்கும் புரியும். அருப்புக்கோட்டையிலிருந்து வருகிறவராக இருந்தால் இந்தப் பேச்சே வேறு. அவர் நம் தடத்திலேயே வந்துவிடுவார். தாண்டிப் போக வேண்டியவர் தாண்டும்போது ஒரு தடவை போன் அடிக்கச் சொல்வதும் நல்லது. எதிர்த் தடத்தில் மேலே மஞ்சள் விளக்கு சுழலும் வண்டி போவது தெரிந்தால், "இப்பத்தான் எங்களக் கடந்தீங்க" என்று சொல்லிவிடலாம். அதற்கு அப்புறம் அவர் தேட வேண்டியதில்லை.

1033-க்குப் பேசினாலும் சொல்ல வேண்டியது இதேதான், ஆனால் எதிர்பார்ப்பு வேறாக இருக்க வேண்டும். சுங்கச்சாவடியிலிருந்து வரும் ரோந்து வண்டியும் கிரேனும் முக்கியமாகச் சாலையை மறித்து நிற்கும் வண்டியை ஆபத்தில்லாத இடத்துக்கு நகர்த்துவதற்காக இருக்கின்றன. நம் மெக்கானிக் கடை வரை இழுத்துப்போவது அவர்கள் வேலை அல்ல. வண்டி வளைவிலோ பாலத்தின் மேலோ நடுத்தடத்திலோ நின்றுவிட்டால் முதலில் 1033, அப்புறம் மற்றது. சில சாலைகளில் ஓரத்தில் எஸ்.ஓ.எஸ். பெட்டி இருக்கும், பொத்தானை அழுத்தினால் எந்தப் பெட்டி என்பது கட்டுப்பாட்டு அறைக்கே தெரிந்துவிடும், இடம் சொல்லும் வேலையே மிச்சம். வேலை செய்யாத பெட்டிகளும் உண்டு என்பதால் அதை நம்பி அரைக் கிலோமீட்டர் நடக்க நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, ஒரு முறை சொன்ன இடம் மாறிவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். வழியில் போகும் லாரிக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி அடுத்த பங்க் வரை இழுத்துவிடுவார்; ஹோஸில் துணி சுற்றித் தண்ணீர் ஊற்றி, வண்டி இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து போய்விட்டு மறுபடி நிற்கும். நமக்கு நிம்மதியாக இருக்கும், போன் செய்யத் தோன்றாது. ரெக்கவரி டிரைவர் கையில் இன்னும் பழைய புள்ளிதான் இருக்கும். அவர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கருவேலங்காட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். லைவ் லொகேஷன் போட்டிருந்தால் புள்ளி நம்மோடு நகரும். பேட்டரி 15 சதவீதத்தில் இருந்தால் அதை அணைத்துவிட்டு, நகர்ந்ததும் புது இடத்தை ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புவது மேல். அதோடு, எந்தப் பக்கம் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிட வேண்டும். பங்க் எதிர்ப்பக்கத்தில் இருந்து, லாரிக்காரர் யூ டர்ன் அடித்து அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால், பக்கமும் மாறியிருக்கும்.